எரிந்துபோன கோப்புகளும் எஞ்சி நின்ற ஏடுகளும்

இது நீளமான பதிவு. சாப்பாட்டுக்குப் பிறகு சாவகாசமாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். ஓர் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறார். "சார், ரெக்கார்ட் ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. பழைய ஊழியர்களோட கோப்புகள் மூட்டை மூட்டையா கிடக்கு. எதை வைக்கிறது, எதை அழிக்கிறதுன்னு தெரியல. நீங்க சரித்திர வாத்தியார், சொல்லுங்க" என்றார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. "விதிப் புத்தகத்தைப் பாருப்பா, அதுல இருக்கும்" என்றேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. இதே கேள்வியைத் தவறாகக் கையாண்டு கோடிக்கணக்கான மனிதர்களின் பணி வாழ்க்கையை ஒரே இரவில் தொலைத்த ஒரு கதை சரித்திரத்தில் இருக்கிறது. அந்த மாணவருக்கான பதிலை எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் என் சொந்தக் கதை கொஞ்சம். நான் ஓய்வு பெறுவதற்கு முன் பென்ஷன் கருத்துருவுக்காக என் எஸ்.ஆர்., அதாவது பணிப்பதிவேடு, சரிபார்க்கப்பட்டது. அதில் பதினோரு மாதத்துக்குப் பணிச் சரிபார்ப்புக் குறிப்பே இல்லை. இளமையில் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் யாரோ எழுத மறந்திருக்கிறார்கள். அந்தப் பதினோரு மாதமும் தினமும் பாடம் நடத்தியவன் நான். ஆனால் ஏட்டைப் பொறுத்தவரை நான் அங்கே இல்லை! "நான் இருந்தேன்" என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. கடைசியில் அந்தப் பள்ளிப் பரணில் கிடந்த பழைய அக்விட்டன்ஸ் ரிஜிஸ்டர் காப்பாற்றியது. மாதா மாதம் சம்பளம் வாங்கி, ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் நான் போட்ட கையெழுத்து பதினோரு இடத்தில் இருந்தது. அந்த ரிஜிஸ்டரை யாராவது பழைய பேப்பர் கடைக்குப் போட்டிருந்தால் என் கதை வேறு.

இதை நினைவில் வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்கு வாருங்கள்.

மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் என்ற ஊர். அதன் புறநகரான ஓவர்லேண்டில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று 1956இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் மினோரு யமசாகி. பிற்பாடு நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களை வடிவமைத்தவரும் அவரே. அமெரிக்கப் படைகளில் வேலை பார்த்து வெளியேறிய ஒவ்வொருவரின் பணிக் கோப்பும் அங்கே வந்து சேரும். பிற்காலத்தில் அதற்குத் தேசியப் பணியாளர் ஆவண மையம் என்று பெயர்.

கட்டடத்தைத் திட்டமிட்ட காலத்தில் ஆவணக் காப்பாளர்களிடையே ஒரு விவாதம் இருந்தது. தீப்பிடித்தால் தானாகவே தண்ணீர் தெளிக்கும் குழாய்களை மேற்கூரையில் வைப்பதா, வேண்டாமா? அந்தக் குழாய்கள் எப்போதாவது தவறுதலாகத் திறந்துகொண்டால் காகிதம் பாழாகிவிடுமே என்று ஒரு சாரார் பயந்தார்கள். அந்தப் பயம்தான் வென்றது. கோப்பறைகளில் தண்ணீர்த் தெளிப்பான் வைக்கவில்லை. ஒரு பகுதியில் பற்றிய நெருப்பு அடுத்த பகுதிக்குப் போகாமல் தடுக்கும் சுவர்களையும் எழுப்பவில்லை. ஒவ்வொரு மாடியும் ஒரு பெரிய திறந்த மைதானம் போல. அதில் இரும்பு அலமாரிகள், அலமாரிகளில் அட்டைப் பெட்டிகள், பெட்டிகளில் காகிதக் கோப்புகள்.

1973 ஜூலை 12. நள்ளிரவு தாண்டிப் பதினாறு நிமிடம். சாலையில் போன ஒரு மோட்டார்சைக்கிள்காரர் மேல்மாடியில் புகையைப் பார்த்துக் காவலாளியிடம் சொன்னார். தீயணைப்பு வண்டிகள் சில நிமிடங்களிலேயே வந்துவிட்டன. வீரர்கள் ஆறாவது மாடிக்கும் ஏறினார்கள். ஆனால் வெப்பமும் புகையும் தாங்காமல் மூன்று மணி நேரத்தில் பின்வாங்க வேண்டியதாயிற்று. சுற்றுவட்டாரத்தின் 42 தீயணைப்பு மாவட்டங்கள் வேலை செய்தன. 22 மணி நேரம் நெருப்பு கட்டுக்குள் வரவில்லை. முழுதும் அணைந்துவிட்டது என்று அறிவித்தது ஜூலை 16 காலையில்தான். என்ன காரணத்தால் பற்றியது என்பது இறுதிவரை உறுதியாகவில்லை. காரணத்தைத் தேட வேண்டிய இடமே இடிந்து கூழாகிப் போயிருந்தது.

எரிந்த கோப்புகள் 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் வரை. 1912 நவம்பர் முதல் 1959 முடிய தரைப்படையிலிருந்து வெளியேறியவர்களின் கோப்புகளில் நூற்றுக்கு 80 போயிற்று. அதாவது முதல் உலகப் போர், இரண்டாம் உலகப் போர், கொரியப் போர் மூன்றும். விமானப்படையில் 1947 செப்டம்பர் முதல் 1963 முடிய வெளியேறியவர்களின் கோப்புகளில் நூற்றுக்கு 75. இதில் ஒரு விசித்திரம் உண்டு. விமானப்படைக் கோப்புகள் ஆங்கில அகர வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. ஹப்பார்ட் என்ற பெயர் வரைக்கும் உள்ளவை தப்பின, அதற்குப் பின் வந்த பெயர்கள்தான் சிக்கின. வருகைப் பதிவேட்டில் பெயர் எந்த இடத்தில் வருகிறது என்பதால் ஒரு மனிதனின் முதுமைக் காலம் தீர்மானமானதை வேறெங்கும் நான் படித்ததில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நெருப்பு ஒரு விபத்து. ஆனால் நஷ்டம் விபத்து அல்ல. அந்தக் கோப்புகளுக்கு இரண்டாம் பிரதி இல்லை. மைக்ரோ பிலிம் எடுக்கவில்லை. எந்தப் பெட்டியில் யார் யாருடைய கோப்பு இருக்கிறது என்ற பட்டியல்கூட இல்லை. தினந்தோறும் ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும் இடத்தில் அலமாரி வரிசையே பட்டியல் என்று நினைத்துவிட்டார்கள். போதாக்குறைக்கு, முன்னாள் படைவீரர் நலத்துறை கேட்டபோதெல்லாம் பல கோப்புகளை அங்கே கொடுத்து அனுப்பியும் இருந்தார்கள். அதனால் தீக்குப் பிறகு, "இவருடைய கோப்பு எரிந்ததா, வேறு அலுவலகத்தில் பத்திரமாக இருக்கிறதா?" என்ற எளிய கேள்விக்கே விடை கிடையாது. எது தொலைந்தது என்று தெரியாத நிலைதான் ஓர் ஆவண அறைக்கு வரக்கூடிய மிகப் பெரிய கேடு.

இடிபாட்டிலிருந்து முதலில் எதை எடுத்தார்கள் தெரியுமா? கருகிய கோப்புகளை அல்ல. காலை அறிக்கைகள் என்ற ஏடுகளின் மைக்ரோ பிலிம் சுருள்களை, ஒரு லட்சத்துக்கும் மேல்! ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கோப்புகள் விஷயத்தில் நெருப்பைவிடத் தண்ணீர் பெரிய எதிரியாக நின்றது. ஜூலை மாத வெயில், ஈரக் காகிதம், பூஞ்சை. பூஞ்சையைத் தடுக்கத் தைமால் என்ற மருந்தைத் தெளித்தார்கள். நனைந்த கோப்புகளைப் பால் பாக்கெட் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட்டுகளில் போட்டார்கள். பக்கத்தில் மக்டானல் டக்ளஸ் என்ற விமானக் கம்பெனியிடம் ஒரு பெரிய அறை இருந்தது. விண்வெளிப் பயணத்துக்கான கலங்களைச் சோதிக்க, காற்றை முழுக்க உறிஞ்சி எடுக்கும் அறை. ஒரு தடவைக்கு ஏறக்குறைய 2,000 கிரேட்டுகளை உள்ளே அடுக்கி, காற்றை எடுத்துக் குளிர்வித்து, பிறகு சூடான உலர் காற்றைச் செலுத்தி ஈரத்தை வாங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் சுமார் எட்டு டன் தண்ணீர் வெளியேறியதாம். இப்படி மீட்டவை சுமார் 65 லட்சம் கோப்புகள். ஓரம் கருகி, நடுவில் எழுத்து தெரிகிற அந்தக் கோப்புகளுக்கு 1974 ஏப்ரலில் தனியாகக் கணினிப் பட்டியல் தொடங்கினார்கள். தீக்கு முன் செய்திருக்க வேண்டிய வேலையைத் தீக்குப் பின் செய்தார்கள்.

மீதியுள்ளவர்கள்? கோப்பே இல்லாதவர்கள் என்ன ஆனார்கள்?

வகுப்பில் நான் செய்வது போல ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் 1951இல் தரைப்படையில் சேர்ந்து கொரியாவுக்குப் போகிறார். அந்தக் குளிரில் பாதம் உறைந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். 1953இல் வெளியேறுகிறார். வயதான பிறகு பாதம் மரத்துப்போய் நடக்க முடியவில்லை. 1990இல் இழப்பீடு கேட்கிறார். அவர் மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும். படையில் இருந்தார், ஒழுங்காக வெளியேறினார், அந்தப் பாதிப்பு பணியின்போது வந்தது. மூன்றுக்கும் சான்று ஒரே கோப்பில்தான் இருந்தது. கோப்பு இப்போது இல்லை.

முதல் வேலை, அவரையே கேட்பது. அதற்கென்று ஒரு படிவம் உண்டு. எந்தப் பிரிவு, எந்தக் கம்பெனி, எந்த ஆஸ்பத்திரி, எந்த மாதம் என்று கேட்கும். நாற்பது ஆண்டு கழித்து இதையெல்லாம் யார் நினைவில் வைத்திருப்பார்கள் என்று தோன்றும். ஆனால் இந்த விவரம் இல்லாமல் அடுத்த படி நகராது.

அடுத்தது சம்பளம். படையிலிருந்து வெளியேறும் நாளில் கடைசிச் சம்பளம் கொடுத்த பட்டுவாடாச் சீட்டு தனியே வேறிடத்தில் இருந்தது. அது பணியாளர் கோப்பு அல்ல, கணக்குத் தாள். கணக்கர்கள் தங்கள் தேவைக்காக வைத்திருந்தது. ஆனால் அதில் பெயர், படை எண், பதவி, வெளியேறிய தேதி, எந்த வகையில் வெளியேற்றப்பட்டார் என்பதெல்லாம் இருந்தன. இதை வைத்து, இவர் பணியாற்றினார் என்று மையம் ஒரு சான்று கொடுக்கும். தொலைந்த விடுவிப்புச் சான்றுக்குப் பதிலாக அது செல்லும். என்னுடைய அக்விட்டன்ஸ் ரிஜிஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். சம்பளக் கணக்கில் தப்பு நேர்வது குறைவு. கொடுப்பவரும் பார்ப்பார், வாங்குபவரும் பார்ப்பார், தணிக்கைக்காரரும் பார்ப்பார்.

மூன்றாவதுதான் காலை அறிக்கை. ஒவ்வொரு கம்பெனியிலும் தினமும் காலையில் ஒரு தாள் எழுதப்படும். நம் வருகைப் பதிவேடு மாதிரிதான், ஆனால் தலைகீழ். வந்தவர்களை எழுதாது. மாற்றம் ஏற்பட்டவர்களை மட்டும் எழுதும். யார் புதிதாக வந்தார், யார் மாற்றலாகிப் போனார், யாருக்குப் பதவி உயர்வு, யார் ஆஸ்பத்திரிக்குப் போனார். எழுதியவருக்கு அது அன்றாட அலுப்பான வேலை. அன்றைய சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று கணக்குப் பார்ப்பதோடு அதன் பயன் முடிந்தது என்று அவர் நினைத்திருப்பார். ஆனால் ஒரு லட்சம் சுருள்களை இடிபாட்டிலிருந்து முதலில் தூக்கி வந்தது இதற்காகத்தான். தனி மனிதனின் கோப்பு எரிந்துபோனாலும், கூட்டத்தின் ஏட்டில் அவன் பெயர் இருக்கும்.

இதற்கும் எல்லை உண்டு. காலை அறிக்கை பெயர் வரிசையில் இல்லை, கம்பெனியும் தேதியும் வரிசையில் இருக்கிறது. "கொரியாவில் இருந்தேன்" என்றால் தேட முடியாது. இன்ன ரெஜிமென்ட், இன்ன கம்பெனி, இரண்டு மூன்று மாத இடைவெளிக்குள் என்றால்தான் கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்தாலும், அன்று ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று இருக்குமே ஒழிய, எதற்குப் போனார் என்று பெரும்பாலும் இருக்காது. பாதம் உறைந்ததா, வயிற்று வலியா?

அந்த இடைவெளியை நிரப்ப ஒரு எதிர்பாராத உதவி 1988இல் கிடைத்தது. போர்க்காலத்தில் படை மருத்துவத் துறை, புள்ளிவிவர ஆராய்ச்சிக்காக ஆஸ்பத்திரி அனுமதிகளைத் துளையட்டைகளில் குறித்து வைத்திருந்தது. அவை பிறகு கணினி நாடாக்களாக மாறி எங்கோ கிடந்தன. 1942 முதல் 1945 வரையும், 1950 முதல் 1954 வரையும் உள்ள ஆண்டுகள். ஆராய்ச்சிக்கானவை என்பதால் அவற்றில் பெயர் இல்லை. படை எண் மட்டும் இருந்தது. கூடவே, என்ன நோய் என்ற குறியீடு. எல்லோரும் அதில் இல்லை. ஆனால் நம் கற்பனை வீரர் அதிர்ஷ்டக்காரராக இருந்தால், சம்பளச் சீட்டிலிருந்து கிடைத்த படை எண்ணை இதில் வைத்துத் தேடலாம். எண் பொருந்தி, காலை அறிக்கையில் உள்ள மாதமும் பொருந்தி, குறியீடு குளிரால் வந்த பாதிப்பு என்று சொன்னால் வழக்கு முடிந்தது.

மூன்று ஏடுகளும் மூன்று வேறு ஆட்கள், மூன்று வேறு காரியத்துக்காக எழுதியவை. ஒருவருக்கொருவர் பேசி வைத்துக்கொண்டு எழுதவில்லை. அதனால்தான் அவை ஒத்துப்போகும்போது நம்ப முடிகிறது. சரித்திர மாணவர்களுக்கு இதை நான் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன்: கல்வெட்டும் காசும் பயணியின் குறிப்பும் ஒன்றுபட்டால் அது சரித்திரம்.

ஒன்றுமே கிடைக்காவிட்டால்? 1991இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னது. ஆவணம் அரசின் பொறுப்பில் இருந்தபோது தொலைந்தது என்றால், விண்ணப்பத்தைப் பரிசீலிப்பதிலும், மறுத்தால் ஏன் மறுத்தோம் என்று விளக்குவதிலும், சந்தேகத்தின் பலனை வீரருக்குக் கொடுப்பது பற்றி யோசிப்பதிலும் அரசுக்குக் கூடுதல் கடமை உண்டு என்றது. கவனியுங்கள், தானாகவே பணம் கொடு என்று சொல்லவில்லை. ஆனால் "உன் கோப்பு இல்லை, போய் வா" என்ற ஒற்றை வரிப் பதிலுக்கு இடமில்லை என்றாயிற்று. பதினோரு மாதம் அலைந்தவன் என்ற முறையில் அந்த நீதிபதிகளுக்கு என் நமஸ்காரம்.

இதுவரை கோப்பு இல்லாததால் வந்த துன்பம். கோப்பில் இருந்ததாலேயே வந்த துன்பத்தையும் சொல்லியாக வேண்டும்.

அந்தக் காலத்தில் படையை விட்டு வெளியேறுபவரின் விடுவிப்புச் சான்றில் ஒரு மூலையில் ஓர் எண் இருக்கும். பார்த்தால் ஏதோ அலுவலக எண் போலிருக்கும். உண்மையில் அது ஏன் வெளியேறினார் என்பதற்கான குறியீடு. பணிக்காலம் முடிந்தது என்பதற்கு ஓர் எண். பணிக்குப் பொருத்தமற்றவர், குடிப்பழக்கம், ஒருபாலுறவு நாட்டம், படுக்கையில் சிறுநீர் கழிப்பவர் என்றெல்லாம் தனித்தனி எண்கள். சான்றின் மேலே கௌரவமான விடுவிப்பு என்று அச்சாகியிருக்கும். கீழே இந்த எண் இருக்கும். பெற்றுக்கொண்ட வீரருக்கே பொருள் தெரியாது.

ஆனால் குறியீட்டுப் பட்டியல் வெளியே கசிந்தது. வேலை கொடுக்கும் கம்பெனிகளின் ஆட்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு சான்றுகளைப் படித்தார்கள். நேர்முகத் தேர்வில் எல்லாம் சரியாகப் போகும், ஆனால் வேலை மட்டும் கிடைக்காது. ஏன் என்று அந்த இளைஞனுக்குத் தெரியாது. குறியீடே தவறாக எழுதப்பட்டிருந்தால்? தன்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாதவன் எப்படித் திருத்தம் கேட்பான்? எதிர்ப்பு வலுத்து, 1974இல் வீரர் கையில் கொடுக்கும் பிரதியில் இந்தக் குறியீட்டைப் போடுவதைப் பாதுகாப்புத் துறை நிறுத்தியது. ஏற்கெனவே வாங்கியவர்கள் குறியீடு இல்லாத புதுப் பிரதி கேட்டுப் பெறலாம் என்றது. அதே ஆண்டின் கடைசியில் அங்கே தனியுரிமைச் சட்டம் நிறைவேறியது. மத்திய அரசு தன்னைப் பற்றி வைத்திருக்கும் கோப்பைப் பார்க்கவும், தவறு இருந்தால் திருத்தம் கேட்கவும் குடிமக்களுக்கு அது உரிமை தந்தது.

இதைப் படித்தபோது எனக்கே சற்று உறுத்தியது. மாற்றுச் சான்றிதழில் நன்னடத்தை என்ற கட்டத்தில் நாம் எழுதும் ஒரு சொல் அந்தப் பிள்ளையோடு எத்தனை வருஷம் போகும்! கோபத்தில் எழுதியதில்லை என்றுதான் நினைக்கிறேன். அப்படி யாருக்காவது எழுதியிருந்தால் இங்கேயே மன்னித்துக்கொள்ளுங்கள்.

இரகசியத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய வீரர்கள் பலர், விடுவிப்புச் சான்று தொலைந்துவிடக் கூடாதே என்று தங்கள் மாவட்டப் பதிவு அலுவலகத்தில் அதைப் பதிவு செய்து வைத்தார்கள். நம் ஊரில் பத்திரம் பதிவது போல. 1973 தீக்குப் பிறகு அந்தப் பதிவுகள் பலரைக் காப்பாற்றின. ஆனால் அந்த அலுவலக ஏடுகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 1969இல் தரைப்படையும் விமானப்படையும் படை எண்ணுக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்பு எண்ணையே எழுத ஆரம்பித்தன. நம் ஆதார் எண் போல வங்கிக்கும் வரிக்கும் பயன்படுகிற எண் அது. பிற்பாடு அந்த எண்ணைத் திருடி மோசடி செய்யும் காலம் வந்ததும், பல மாநிலங்கள் அந்தப் பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து விலக்கச் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று. பாதுகாப்புக்கு இரண்டாம் பிரதி வேண்டும். ஆனால் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு பூட்டும் வேண்டும்.

எத்தனை காலம் வைப்பது என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை எனக்குப் பிடித்திருக்கிறது. நீண்ட காலம் இந்தக் கோப்புகள் விதிப்படி நிரந்தர ஆவணங்கள் அல்ல. ஒருநாள் அழிக்கப்பட வேண்டியவை என்றே கணக்கு. தொலைந்த பிறகுதான் அருமை தெரிந்தது போலும். 2004இல் படைவீரர் பணிக் கோப்புகளை நிரந்தர ஆவணங்கள் என்று அறிவித்தார்கள். கூடவே ஒரு காலக்கோட்டையும் போட்டார்கள். ஒருவர் படையை விட்டு வெளியேறி 62 ஆண்டுகள் வரை அந்தக் கோப்பு அவருக்குரியது. அவரோ, அவர் காலமாகியிருந்தால் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் போன்ற நெருங்கிய உறவினரோதான் முழுதும் பெற முடியும். மற்றவர்களுக்குப் பதவி, பணிக்காலம், பதக்கம் போன்ற சில விவரங்களோடு சரி. 62 ஆண்டு முடிந்தால் அது தேசிய ஆவணக் காப்பகத்தின் சொத்து, யாரும் படிக்கலாம்.

இருபது வயதில் வெளியேறியவருக்கு அப்போது எண்பத்திரண்டு ஆகியிருக்கும். பென்ஷன், இழப்பீடு, வேலை என்று கோப்பு அவருக்கு நன்மையோ தீமையோ செய்யக்கூடிய காலம் பெரும்பாலும் முடிந்திருக்கும். அதுவரை இரகசியம், அதற்குப் பிறகு சரித்திரம். ஒரே கோப்புக்கு இரண்டு வாழ்க்கை. முதல் வாழ்க்கையில் அதன் சொந்தக்காரர் அந்த மனிதர், இரண்டாவதில் நாம்.

நம் ஊரிலும் இந்த ஞானம் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் பொது நிதி விதிகள் பணிப்பதிவேட்டை இரண்டு பிரதியாக வைக்கச் சொல்கின்றன. ஒன்று அலுவலகத் தலைவரிடம், மற்றது ஊழியர் கையில். எரிந்தாலும் செல்லரித்தாலும் ஒன்று மிஞ்சும். ஊழியர் கையில் இருப்பதால் தவறும் கண்ணில் படும். விதி அழகாகத்தான் இருக்கிறது. எத்தனை பேர் அந்தப் பிரதியை ஆண்டுக்கு ஒருமுறை கொண்டுபோய் எழுதி வாங்குகிறோம் என்பதுதான் கேள்வி.

மறுநாள் அந்த மாணவருக்கு நானே போன் செய்தேன். இதைத்தான் சொன்னேன்.

"தம்பி, முதல்ல எதையும் அழிக்காதே. ஒரு நோட்டுப் போட்டு, எந்த மூட்டையில யார் கோப்பு இருக்குன்னு பட்டியல் எழுது. அழிக்க விதி இடம் கொடுத்தாலும் அந்தப் பட்டியலை மட்டும் அழிக்காதே. என்ன அழிச்சோம், எப்போ, யார் உத்தரவுலன்னு அதுலயே குறிச்சு வை. பணிப்பதிவேடு, நியமன ஆணை, சம்பளப் பட்டுவாடா ஏடு மூணையும் ஒரே அறையில ஒரே அலமாரியில வைக்காதே. பென்ஷன், குடும்ப பென்ஷன் முடியாத ஆளோட கோப்புல கை வைக்காதே. விளக்கம் கேட்ட குறிப்பாணை, மெடிக்கல் சர்ட்டிபிகேட், புகார் மனு மாதிரி தாள்களைத் தனியா எடுத்துப் பூட்டி வை. அதுக்கு விதியில உள்ள கெடு முடிஞ்சா, உத்தரவு வாங்கிக் கிழிச்சே அழி. எடைக்குப் போடாதே. நாளைக்கு உன் தெருவுல பஜ்ஜி மடிச்சுத் தர்ற தாள்ல ஒருத்தரோட வியாதி எழுதியிருக்கக் கூடாது."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சார், அக்விட்டன்ஸ் ரிஜிஸ்டரெல்லாம் நேத்தே எடைக்குப் போடறதா ஒதுக்கி வெச்சிருந்தேன்" என்றார்.

"இன்னும் போகலையே?"

"இல்ல சார், வண்டி நாளைக்குத்தான் வருது."

திருப்பி எடுத்து வைத்துவிட்டதாக அன்று சாயங்காலம் போட்டோ அனுப்பினார். துணிக்கட்டு பைண்டிங், சிவப்பு முதுகு, கரையான் ஓட்டை. என் பதினோரு மாதமும் அப்படி ஒரு ஏட்டில்தான் தூங்கிக்கொண்டிருந்தது.

அரசுப் பணியில் இருக்கும் பிள்ளைகள் இந்த மாதமே உங்கள் எஸ்.ஆரை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பெயர் எழுத்து, பிறந்த தேதி, வாரிசு நியமனம், ஒவ்வோர் ஆண்டின் சரிபார்ப்புக் கையெழுத்து, இந்த நான்கும் போதும். பிறந்த தேதியில் பிழை இருந்தால் பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டுக்குள் திருத்தம் கேட்க வேண்டும் என்பதை இளையவர்கள் மறக்க வேண்டாம். இடைவெளி எதுவும் இருந்தால், அந்த ஆண்டில் உங்களோடு வேலை பார்த்தவர்கள் ஓய்வு பெறுவதற்குள் சரி செய்துகொள்ளுங்கள். நான் தாமதமாகத்தான் பார்த்தேன்.

அன்புடன், உங்கள் சார்.